மொக்கைச்சாமின்னு காட்டுது

எங்கள் வகையறாவில் மொக்கைச்சாமிகள் அதிகம். பெரிய மொக்கைச்சாமி என்று ஒரு தாத்தா இருந்தார். அவருக்கு ஐந்து மகன்கள். ஐந்து பேரும் தலைச்சன் ஆண்பிள்ளைக்கு அப்பன் பேரைத்தான் விட்டார்கள். விடாவிட்டால் கிழவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம். ஆகையால் ஒரே தெருவில் "ஏய் மொக்கை" என்று கூப்பிட்டால் ஐந்து தலை திரும்பும். அடையாளத்துக்கு ஆளுக்கொரு முன்பேர் ஒட்டிக்கொண்டது. தறிக்குப் போனவன் தறி மொக்கை. கடை வைத்தவன் கடை மொக்கை. மற்ற மூவர் இந்தக் கதைக்கு வேண்டாம்.

தறி மொக்கையின் அப்பா முத்திருளன். கடை மொக்கையின் அப்பா முனியாண்டி. எழுதும்போது இரண்டு பேருக்கும் முன்னெழுத்து ஒன்றுதான், மு. மொக்கைச்சாமி. ரேஷன் கார்டிலும் அப்படித்தான், பேங்கிலும் அப்படித்தான்.

நான் சொல்ல வந்தது தறி மொக்கையின் பெண்சாதி அன்னக்கொடியைப் பற்றி. எனக்கு ஒன்றுவிட்ட தம்பி பெண்சாதி முறை. செக்கானூரணிப் பக்கத்தில் பிறந்து, வாக்கப்பட்டுச் செல்லூர் வந்தவள். புருஷன் விசைத்தறியில் நின்றான். இவள் வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றினாள். ஒரே மகள் மீனா. நல்ல வாழ்க்கை என்றும் சொல்ல முடியாது, குறை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். அது எல்லா வீட்டிலும் இருக்கிற காரியம் இல்லை.

அன்னக்கொடிக்குப் புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் கிடையாது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பலபேர் அப்படித்தான். ஓட்டுச் சீட்டுக் கொடுக்க வருகிறவன் "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்ல வைப்பாள். யாரும் இல்லாவிட்டால் "மீனாவோட அப்பா" என்பாள். "மீனாவோட அப்பான்னு லிஸ்ட்ல இல்லையேம்மா" என்று அவன் விழிப்பான். கொழுந்தன் கடை மொக்கையையும் அவள் பேர் சொன்னதில்லை. அதுவும் புருஷன் பேர்தானே. "கடைக்காரத் தம்பி" என்பாள்.

தறி மொக்கைக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் தப்பியது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்ட பிறகு, அன்னக்கொடி ஒரு பழைய தள்ளுவண்டி வாங்கினாள். பருத்திப்பால் போட்டாள். பருத்தி விதையை ஊற வைத்து அரைத்துப் பால் பிழிந்து, அரிசி மாவும் வெல்லமும் சுக்கும் தேங்காயும் போட்டுக் காய்ச்சுவது அவளுக்குக் கைவந்த வேலை. சாயங்காலம் நாலு மணிக்கு ரவுண்டானாப் பக்கம் வண்டியை நிறுத்தினால் எட்டு மணிக்குள் அண்டா காலியாகிவிடும். டம்ளர் இருபது ரூபாய்.

கொஞ்ச நாளில் ஒரு சங்கடம் வந்தது. தறிக்காரர்கள், காலேஜ் பையன்கள் எல்லோரும் வண்டிக்கு வந்து நின்று, "ஸ்கேன் இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் போகத் தொடங்கினார்கள். எதிர்ப்பக்கம் சூப் விற்கிறவனிடம் அட்டை தொங்கியது. இவளிடம் நின்றவர்கள் அங்கே போனார்கள்.

அப்போது கைகொடுத்தவன் கடை மொக்கைதான். திருநகரில் மளிகைக்கடை வைத்திருக்கிறான். நல்லவன். ஞாயிற்றுக்கிழமை வந்து அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். பேங்கில் எந்த நம்பர் கொடுத்திருக்கிறதோ அந்த சிம் இருக்கிற போனில்தான் இது ஏறும். அது தறி மொக்கையின் போன். அந்தப் போனில் செயலியை இறக்கி, ஏ.டி.எம். கார்டில் இருக்கிற எண்ணைப் போட்டு, வந்த ஓ.டி.பி.யைப் போட்டு, ரகசிய எண் ஒன்றை அண்ணனையே இடது கையால் அமுக்க வைத்தான்.

"அண்ணே, இந்த நம்பர் நீங்க யாருக்காச்சும் பணம் அனுப்பத்தான். நமக்குக் காசு வர்றதுக்கு இது தேவையே இல்ல. காசு போடுறேன், நம்பரை அமுக்குங்கன்னு எவனாவது கேட்டான்னா அவன் களவாணின்னு வச்சுக்கங்க."

"என்கிட்ட என்னத்தடா களவாங்கப் போறான்? இந்தக் கையையா?" என்று தறி மொக்கை செத்த கையைக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

செயலிக்குள்ளேயே கட்டம் கட்டமாக ஒரு படம் வந்தது. கடை மொக்கை தன் போனால் அதை ஸ்கேன் செய்து ஒரு ரூபாய் போட்டான். அண்ணன் போன் 'ணங்' என்றது. அந்தப் படத்தைத் தெருமுனைக் கடையில் காகிதத்தில் எடுத்து வண்டியின் முன்பக்கம் ஒட்டினார்கள்.

போன் வண்டிக்கு வரவில்லை. தனியாகக் கிடக்கிற மனிதனுக்கு ஒரு அவசரம் என்றால் போன் வேண்டும். அதனால் அது கட்டிலிலேயே இருந்தது. அன்னக்கொடியிடம் இருந்தது பட்டன் போன். பணம் போடுகிறவன் தன் போனில் பச்சையாய் டிக் வந்ததைக் காட்டுவான். அவள் பார்த்துத் தலையாட்டுவாள்.

"டிக்க மட்டும் பாக்காத," என்று புருஷன் சொல்லி அனுப்பியிருந்தான். "யாரு பேருன்னு கேளு. பேரு சரியா இருந்தாத்தான் நமக்கு வந்துச்சுன்னு அர்த்தம்."

ஆகவே அவள் கேட்பாள், "பேரு என்னன்னு காட்டுது?"

"மொக்கைச்சாமின்னு காட்டுது."

"ஆமா. சரி."

ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை இது நடக்கும். வாயால் சொல்லக்கூடாத பேரை ஊரெல்லாம் அவள் முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போனது. பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அக்கா, மொக்கைச்சாமி யாருக்கா?"

"காசு போட்டியா, போ."

"இல்லக்கா, நீங்க ஒரு தடவ பேரச் சொல்லுங்க. சொன்னாத்தான் போடுவேன்."

"அப்பக் குடிச்சதக் கக்கி வச்சுட்டுப் போடா."

சிரிப்பார்கள். பக்கத்தில் பூ விற்கிற ஒச்சாயி, "இவ சொல்ல மாட்டாடா. சொன்னா அண்டா உடைஞ்சு போகும்" என்பாள்.

வீட்டில் கிடந்த மனிதனுக்கும் இதில் ஒரு பிழைப்புக் கிடைத்தது. போன் ஒவ்வொரு தடவை 'ணங்' என்னும்போதும் ஒரு டம்ளர் போனது என்று அவனுக்குத் தெரியும். இரண்டு தடவை சேர்ந்தாற்போல் அடித்தால் தறி ஷிப்ட் விட்டாச்சு என்பான். மழை பெய்து மணி நின்றுபோனால், "வண்டிய ஓரமா ஒதுக்கியிருப்பா" என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லுவான். படுக்கையில் கிடந்துகொண்டே அவன் வண்டிப் பக்கம் நின்றான்.

எட்டரை மணிக்கு அவள் வருவாள். தகர டப்பாவைத் தாம்பாளத்தில் கவிழ்ப்பாள். அதற்கப்புறம் எல்லாம் அவன் ராஜ்யம். இடது கையால் நோட்டைப் பிரிப்பான், சில்லறையை அடுக்குவான். அவன் படித்தது அஞ்சாவது. ஆனால் தறியில் கஜக் கணக்குப் பார்த்த ஆள்.

"அண்டாவுல எத்தனை?"

"நூத்தி இருபது டம்ளர். மிச்சமில்ல."

"அப்ப ரெண்டாயிரத்து நானூறு வரணும். டப்பாவுல ஆயிரத்து எண்ணூத்தி எழுபது இருக்கு. கெளம்பும்போது சில்லறைக்குப் போட்டு அனுப்புன முந்நூறக் கழி. வழியில எதுக்காச்சும் எடுத்தியா?"

"கரிக்கு அறுவது."

"அதக் கூட்டு. ஆயிரத்து அறுநூத்தி முப்பது. போன்ல," என்று செயலியில் அன்றைக்கு வந்ததை மேலிருந்து கீழே தள்ளிப் பார்ப்பான், "எழுநூத்தி அறுவது. ஆக ரெண்டாயிரத்து முந்நூத்தித் தொண்ணூறு. பத்து ரூவா எங்கடி?"

"நாயக்கர் வீட்டுக் கிழவிக்கு அரை டம்ளர் குடுத்தேன். காசு வாங்கல."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான. கணக்கு நேராச்சு."

இப்படித் தினம். காசு குறைந்ததோ கூடியதோ அவனுக்குப் பெரிதில்லை. எதனால் என்று தெரியவேண்டும். ஒரு தடவை ஒரு பையனுக்குக் காசு கழிந்து இங்கே வராமல் நின்றுபோனது; மறுநாள் வந்து சேர்ந்தது. அந்த இருபது ரூபாய் முந்தின நாள் கணக்கில் சேர வேண்டியது என்று சொல்லி, அதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாய் இருந்தான். கை விழுந்த பிறகு அவன் முகத்தில் நான் பார்த்த தெளிவு அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

ஆறேழு மாதம் போனது. முன்னால் ஒட்டிய காகிதம் ஆவி பட்டும் வெல்லம் சிந்தியும் பழுப்பேறிவிட்டது. கூட்டமும் இரண்டு பக்கமும் நின்றது. இந்தப் பக்கம் நிற்பவர்கள் எட்டி ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. கடை மொக்கை, "என் கடைக்குப் புது அட்டை போடப் போறேன். மதினிக்கும் ஒண்ணு போட்டுருவோம்" என்றான். அண்ணன் போனிலிருந்து படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டான். இரண்டு படத்தையும் கோரிப்பாளையத்தில் ஒரு பிரிண்ட் கடைக்கு அனுப்பி, கெட்டி அட்டையில் பிளாஸ்டிக் போட்டு வாங்கி வந்தான். ஒன்றைத் தன் கடையில் மாட்டி, ஒரு ரூபாய் போட்டுப் பார்த்தான், வந்தது. இன்னொன்றை மதினியிடம் கொடுத்தான். அவள் அதைக் கயிறு கட்டி வண்டியின் மறுபக்கம் தொங்கவிட்டாள். முன்பக்கத்தில் பழைய காகிதமும் இருந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் பேர் இருந்தது. அதன் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் ஏதோ எண்கள். யார் அதைப் பார்க்கிறார்கள்?

அந்த வாரத்திலிருந்து கணக்கு இடித்தது.

முதல் நாள் இருநூறு குறைந்தது. தறி மொக்கை தன் கணக்கைத்தான் சந்தேகப்பட்டான். நோட்டை மூன்று தடவை எண்ணினான். அடுத்த நாள் இருநூற்று அறுபது. டம்ளர் மாறிவிட்டதா என்று கேட்டான். அதே டம்ளரைக் கொண்டுவரச் சொல்லி அண்டாவில் தண்ணீர் ஊற்றி அளக்க வைத்தான், நூற்றிருபதுதான் வந்தது. கடன் கொடுத்தாயா என்றான். இல்லை என்றாள். மீனாவை அனுப்பி பேங்கில் பாஸ்புக்கில் பதிந்து வரச் செய்தான். போனில் வந்ததும் பேங்கில் ஏறியதும் ஒரு பைசா பிசகாமல் சரியாக இருந்தன.

"மணி கம்மியாத்தான் அடிக்குது," என்றான். "சரி, ஸ்கேன் பண்றவன் கொறைஞ்சுட்டான்னு வச்சுக்கிருவோம். அப்ப ரொக்கம் கூடணும்ல? ரொக்கமும் கூடல. பாலு மட்டும் தீந்துபோகுது."

"ஸ்கேன் பண்றவுக கொறையலங்க. எப்பவும் போலத்தான் பண்றாக. நான் ஒவ்வொருத்தரையும் கேக்கேன். ஒங்க பேருதான் காட்டுது."

"எம் பேருல போனா எனக்குத்தான வரணும்?"

கேட்ட கேள்வியும் சரி, அவள் சொன்னதும் சரி. போன் கட்டிலில் கிடந்தது, அட்டை வண்டியில் தொங்கியது. அந்தப் போனைக் கொண்டுபோய் அட்டைக்கு முன்னால் நின்று, யாரையாவது ஒரு ரூபாய் போடச் சொல்லி மணி அடிக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அவள் கெட்ட நேரம், அந்தச் சமயத்தில்தான் அவள் தம்பி அழகுபாண்டி வண்டிப் பக்கம் வந்து போய்க்கொண்டிருந்தான். கடனில் வாங்கி வாடகைக்கு ஓட்டிய லாரிக்குத் தவணை கட்ட முடியாமல் இருந்தான். அக்காவிடம் கேட்கவில்லை. சும்மா வந்து நிற்பான், ஒரு டம்ளர் குடிப்பான், மனசு ஆறிப் போவான். பார்த்தவர் யாரோ கட்டிலில் கிடந்தவனிடம், "மச்சினன் அடிக்கடி வாரான் போலயே" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு முந்நூற்று இருபது குறைந்தது. தறி மொக்கை நோட்டைக் கீழே வைத்தான்.

"ஏத்தா. ஒந்தம்பிக்குக் குடுத்தியா?"

"யாருக்கு?"

"குடுத்தாக் குடுத்தேன்னு சொல்லிரு. நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்? எனக்குக் கணக்கு நேராகணும், அம்புட்டுத்தான்."

"நான் குடுக்கலங்க. அவன் பாலு குடிச்சதுக்கே காசு வச்சுட்டுப் போனான்."

"அப்பப் பணம் எங்க போகுது? காத்துல போகுதா?"

"மீனா மேல சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"பிள்ளை மேல சத்தியம் பண்ணாத," என்றான் அவன். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவள் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள், அதோடு போயிருக்கும்.

மறுநாளே அவள் தம்பியைப் பார்த்து, "இனிமே வண்டிப் பக்கம் வராத" என்றாள். அவன் ஏன் என்று கேட்டான். அவள் அடுத்த ஆளுக்கு டம்ளரை நீட்டினாள். அவன் குடித்த டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனவன் அப்புறம் வரவில்லை. அவன் வராமல் நின்ற பிறகும் கணக்கில் அதே அளவு துண்டு விழுந்தது. அதைக் காட்டி அவள், "இப்ப அவன் வரலைல்ல, இப்பவும் கொறையுதுல்ல" என்றாள். புருஷன், "வந்து வாங்குனாத்தானா? ஆள் மூலமாக் குடுத்து விட்டா ஆகாதா?" என்றான். சந்தேகம் வந்துவிட்டால் எந்தப் பக்கம் போனாலும் அதற்கு வழி இருக்கிறது.

பிறகு ஒரு நாள் அவள் வந்து டப்பாவைத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். அவன் கை நீட்டவில்லை.

"நீயே எண்ணி வச்சுக்க."

"எனக்கென்னங்க தெரியும்?"

"ஒனக்கா தெரியாது? நல்லாத் தெரியும்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்தப் போன் சத்தத்தையும் அமத்திரச் சொல்லு மீனாவ. தலை வலிக்குது."

மீனா வந்து மணியை அடக்கினாள். அப்பாவுக்குத் தலைவலி என்றுதான் அவள் நினைத்தாள்.

அதற்கப்புறம் அவன் கிடந்தான், அவ்வளவுதான். மழை பெய்தாலும் தறி விட்டாலும் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி ஊட்டினால் குடித்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மார்கழிக் கடைசியில் மறுபடி வாதம் அடித்தது. இந்தத் தடவை வாயும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் முடிந்துபோனான். அந்த மூன்று நாளும் அவள் அவன் காதுக்குப் பக்கத்தில், "நான் எடுக்கலங்க, நான் எடுக்கலங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நர்ஸ் வந்து, "என்னம்மா எடுக்கல?" என்று கேட்டாளாம். அவன் கேட்டானா இல்லையா, யாருக்குத் தெரியும்?

தத்தனேரிச் சுடுகாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

காரியம் முடிந்த பிறகு பேங்குக்குப் போனார்கள். இறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். வாரிசுதாரராக அவள் பேரைத்தான் முன்னமே எழுதி வைத்திருந்தான். கணக்கில் இருந்ததை அவள் கணக்குக்கு மாற்றி, அவன் கணக்கை மூடினார்கள். கணக்கு மூடினால் அந்தக் கட்டத்தில் இனிக் காசு போகாது என்று மீனா விளக்கினாள். அம்மாவுக்குப் புது சிம் வாங்கி, அதை அவள் பேங்குக் கணக்கில் பதியவைத்து, 'அன்னக்கொடி' என்று பேர் காட்டுகிற புதுக் கட்டம் எடுத்து வண்டியின் முன்பக்கம் ஒட்டினாள். பழைய காகிதத்தைச் சுரண்டி எடுத்தாள்.

"அந்தத் தொங்குறதையும் கழட்டும்மா. அதுல போட்டாப் போகாது. சும்மா நின்னுக்கிட்டு நேரம் ஆகும்."

"போகாட்டிப் போகுது. பேரு இருக்குல்ல அதுல," என்றாள் அன்னக்கொடி. அட்டையைக் கழற்றவில்லை. முதுகு தெரியும்படி திருப்பிக் கட்டினாள்.

வண்டியை மறுபடி தள்ள ஆரம்பித்தாள். போன் இப்போது அவளிடமே இருந்தது. காசு வந்தால் அவள் இடுப்பிலேயே மணி அடித்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கணக்கு இம்மி பிசகவில்லை. தம்பியும் இல்லை, புருஷனும் இல்லை, கணக்கு மட்டும் நேராக இருந்தது. அவளே எண்ணினாள். நேராக வந்தது அவளுக்குச் சந்தோஷமாயில்லை. அவன் போன பிறகு நேரானால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இனி ஒளித்துக் கொடுக்க வேண்டியதில்லை, அதனால் நேராகிவிட்டது என்றுதானே?

ஒரு நாள் நல்ல காற்று. அட்டை திரும்பிக்கொண்டது. அந்தப் பக்கம் நின்ற ஒரு பையன் இரண்டு டம்ளர் வாங்கி அதில் ஸ்கேன் செய்துவிட்டான்.

"அக்கா, போட்டுட்டேன்."

இடுப்பில் மணி அடிக்கவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள்.

"அதுல போகாது தம்பி. அது மூடியாச்சு. இதுல போடு."

"இல்லக்கா, போயிருச்சு. பாருங்க, நாப்பது ரூவா. மொக்கைச்சாமின்னு காட்டுது."

பச்சை டிக் இருந்தது. பூக்கார ஒச்சாயி எழுந்து வந்து பார்த்து வாயில் கை வைத்தாள். "அடியே, ஒன் வீட்டுக்காரரு வாங்கிக்கிட்டாருடி."

அன்னக்கொடி அதை நம்பினாள் என்றே நினைக்கிறேன். ஒரு நிமிஷம் நம்பினாள். செத்தவன் கோபம் தணிந்து கை நீட்டிவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எங்களிடம் பிற்பாடு சொன்னாள். பையன்தான் குனிந்து அட்டையைப் பார்த்தான்.

"அக்கா, பேருக்குக் கீழ ஒரு போன் நம்பர் இருக்கு. இந்த நம்பருக்குத்தான் காசு போகுது. இது யாரு நம்பரு?"

"தெரியலையே. அவுக நம்பரு அம்பத்தேழுல முடியும்."

"இது அம்பத்தேழு இல்ல." பையன் தன் போனிலேயே அந்த எண்ணை அழுத்தி, சத்தம் வெளியில் கேட்கும்படி வைத்தான்.

"அலோ," என்றது போன். "திருநகர் கடை மொக்கை பேசுறேன். யாரு?"

"அலோ, யாருங்க?" என்று அவன் இரண்டாம் தடவை கேட்டபோது அன்னக்கொடி, "தம்பி, நாந்தான்" என்றாள். ஸ்கேன் செய்ததையும் காசு அந்த எண்ணுக்குப் போனதையும் பையன்தான் சொன்னான்.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு அவன் ஓடி வந்தான். அட்டையை வாங்கிப் பார்த்தான். பிரிண்ட் கடைக்காரனுக்கு இரண்டு படம் போயிருக்கிறது. இரண்டிலும் ஒரே பேர். ஒரே ஆள் ஒரே படத்தை இரண்டு தடவை அனுப்பிவிட்டான் என்று நினைத்து அவன் முதலில் வந்த கடை மொக்கை படத்தையே இரண்டு அட்டையாய் அடித்துக் கொடுத்துவிட்டான். கட்டத்தைப் பார்த்து இது வேறு அது வேறு என்று மனுஷக் கண்ணுக்குத் தெரியுமா? தன் அட்டையைச் சோதித்த கடை மொக்கை அண்ணன் அட்டையைச் சோதிக்கவில்லை. ஒன்று சரியாக இருந்தால் மற்றதும் சரி என்று நினைத்துக்கொண்டான்.

"நாலு மாசமா வந்திருக்கு மதினி. என் கடைல ஒரு நாளைக்கு நூறு பேரு போடுறான். பெட்டி கத்திக்கிட்டே இருக்கும், இருவது வந்துச்சு, நாப்பது வந்துச்சுன்னு. எவன் போட்டான்னு யாரு பாத்தா? நான் கல்லாவையும் போனையும் சேத்து வச்சு ஒரு நாள் பாத்ததில்ல. பாத்திருந்தா அன்னைக்கே கூடுதலா நிக்குறது தெரிஞ்சிருக்கும்." அவன் வண்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணன் பாத்தாரு. அவர் பாத்ததுதான் வினையாப் போச்சு."

"அவுக பாத்தது சரிதான் தம்பி," என்றாள். "கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. கொறைஞ்சது நெசந்தான."

அடுத்த நாள் மீனாவும் அவனும் உட்கார்ந்து, அட்டை தொங்கவிட்ட நாள் தொட்டு, சாயங்காலம் நாலிலிருந்து எட்டுக்குள் வந்த இருபது, நாற்பது, அறுபதுகளைப் பொறுக்கினார்கள். அவன் கடையிலும் இருபது ரூபாய்க்கு வாங்குகிறவர்கள் உண்டு. எது யாருடையது என்று முழுசாய்ப் பிரிக்க முடியவில்லை. சந்தேகமானதை எல்லாம் மதினி பக்கமே சேர்த்தான். இருபத்தாறாயிரத்துச் சில்லறை வந்தது. முப்பதாயிரமாய்க் கொண்டுவந்து தாம்பாளத்தில் வைத்து அவள் காலில் விழப் போனான். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அழகுபாண்டிக்கு ஆள் அனுப்பினோம். வந்தான். அக்காவைப் பார்த்து, "என்னைய வராதன்னு சொன்னதுக்குக் காரணம் இதுதானா? மச்சான் என்னையக் களவாணின்னா நினைச்சுக்கிட்டுப் போனாரு?" என்று கேட்டான். அவள், "ஒன்னைய இல்லடா, என்னைய" என்றாள். அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பணம் தாம்பாளத்தில் அப்படியே இருந்தது. எடுத்து வை என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் கடை மொக்கையைப் பார்த்தாள்.

"தம்பி, எனக்கு ஒண்ணு செய்வீகளா? எங்க பக்கம் பொம்பளைக தத்தனேரிக்குப் போகக்கூடாது. நீங்க போயி அவுகட்டச் சொல்லிட்டு வாங்க."

"நான் என்னன்னு சொல்ல மதினி?"

"நடந்ததச் சொல்லுங்க. நான் சொல்லி அவுக நம்பல. நீங்க சொன்னா நம்புவாக."

மீனா, "ஏம்மா இப்படி" என்று அழுதாள். கடை மொக்கை எழுந்தான். ஒரு மாலை வாங்கிக்கொண்டு போனான். எரித்த இடத்தில் அடையாளம் என்ன இருக்கும்? சாம்பலை அன்றைக்கே அள்ளிக் கரைத்தாயிற்று. அங்கே அதற்குள் எத்தனையோ பேரை வைத்திருப்பார்கள். ஒரு மேடையோரமாய் நின்று, "அண்ணே" என்று கூப்பிட்டு, அட்டை மாறிப்போனதிலிருந்து எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னதாக என்னிடம் சொன்னான். அங்கே வேலை பார்க்கிறவன் கிறுக்கன் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

திரும்பி வரும்போது பொழுது சாயவில்லை. அன்னக்கொடி வாசலிலேயே நின்றிருந்தாள். வண்டி தள்ளுகிற நேரம், அன்றைக்குத் தள்ளவில்லை. அவன் கால் கழுவுமுன் கேட்டாள்.

"சொன்னீகளா தம்பி?"

"சொன்னேன் மதினி. ஒண்ணு விடாமச் சொன்னேன்."

"அவுக என்ன சொன்னாக?"

கடை மொக்கை செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நாங்கள் எல்லோரும் நின்றோம். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.